7-ஆம் எண் பஸ் புதன்கிழமை நின்றது: பெற்றோர் கேட்டதும் பதிலும்

புதன்கிழமை சாயங்காலம் கடலூர்–சிதம்பரம் சாலையில் நம் 7-ஆம் எண் பஸ் பழுதாகி நின்றது. அன்று இரவும் மறுநாளும் நீங்கள் ஃபோனிலும் வாட்ஸ்அப் குழுவிலும் கேட்டவற்றை உங்கள் வார்த்தையிலேயே எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். போக்குவரத்துப் பொறுப்பு என்னுடையது. மாலை 5:20 முதல் நான் அந்த இடத்தில் இருந்தேன். அதற்கு முன் நடந்தவை டிரைவரும் ஆயாம்மாவும் சொன்னவை, ஆயாம்மா தாளில் குறித்து வைத்தவை.

முதல்ல இதைச் சொல்லுங்க சார், பிள்ளைங்க யாருக்காவது அடிபட்டதா?

இல்லை. பஸ்ஸில் அப்போது இருந்த 31 பேருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. யு.கே.ஜி. குழந்தை ஒன்று வாந்தி எடுத்தது. வெயிலும் டீசல் வாசனையும்தான் காரணம். தண்ணீர் குடித்ததும் சரியாகிவிட்டது, அந்த வீட்டுக்கு அப்போதே சொல்லியாகிவிட்டது. வீசிங் இருக்கும் ஐந்தாம் வகுப்புப் பையனின் இன்ஹேலரை ஆயாம்மா அவன் பையிலிருந்து எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். தேவைப்படவில்லை.

எத்தனை மணிக்கு, எந்த இடத்துல நின்னுச்சு?

பள்ளியிலிருந்து 4:10-க்குக் கிளம்பும்போது பஸ்ஸில் 43 பேர். முதுநகரிலும் அடுத்த நிறுத்தங்களிலும் 12 பேர் இறங்கிவிட்டார்கள். சிப்காட், காரைக்காடு தாண்டி ஆலப்பாக்கம் வருவதற்கு முன் 4:47-க்கு டேஷ்போர்டில் எச்சரிக்கை பஸ்ஸர் அடித்தது. 4:49-க்குச் சாலையின் இடது ஓரத்தில் பஸ் நின்றது. பக்கத்தில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு டீக்கடை, அதற்குப் பின்னால் தென்னந்தோப்பு. சிதம்பரம் பக்கம் போகிறவர்களுக்கு இடம் தெரியும்.

மீதி நேரங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 4:51-க்கு டிரைவர் என்னைக் கூப்பிட்டார். 4:58-க்கு உங்களுக்குச் செய்தி போனது. மாற்று பஸ் 5:27-க்கு வந்து 5:40-க்குக் கிளம்பியது. கடைசிப் பிள்ளையைப் புதுச்சத்திரத்தில் 6:31-க்கு அம்மாவிடம் ஒப்படைத்தோம். வழக்கமாக அந்தப் பிள்ளை 5:35-க்கு வீட்டில் இருக்கும். ஆக 56 நிமிடம் தாமதம்.

பிரேக் ஃபெயிலியர்னு குரூப்ல போட்டாங்களே, அது உண்மையா? பிள்ளைங்க தப்பிச்சதே பெரிசுன்னு பேசிக்கிறாங்க.

பிரேக் பிடிக்காமல் ஓடவில்லை. பிடித்த பிரேக் விடாமல் நின்றது. இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி பயம் போய்விடும், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன்.

நம் பஸ்களில் இருப்பது ஏர் பிரேக். இஞ்சின் ஓடும்போது கம்ப்ரஸர் காற்றை அடைத்து டாங்கியில் வைக்கும். டிரைவருக்கு முன்னால் ஒரு ஏர் மீட்டர் இருக்கும். முள் ஏழு, எட்டு கிலோவில் நின்றால் எல்லாம் சரி. ஐந்துக்குப் பக்கத்தில் இறங்கினால் பஸ்ஸர் அடிக்க ஆரம்பிக்கும். பின் சக்கரங்களின் பிரேக் சேம்பருக்குள் கனமான ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. ஓடும்போது அந்த ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருப்பது காற்றுதான். காற்று போய்விட்டால் ஸ்பிரிங் விரிந்து பிரேக்கைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். காற்று இல்லாத பஸ் நகரவே கூடாது என்று யோசித்துச் செய்த அமைப்பு அது. டிரைவர்கள் இதை 'ஏர் இறங்கிடுச்சு' என்று ஒரே வார்த்தையில் சொல்வார்கள். குழுவில் யாரோ அதை 'பிரேக் ஃபெயிலியர்' என்று மொழிபெயர்த்துவிட்டார்கள்.

அன்று பின்பக்கப் பிரேக்குக்குப் போகும் ரப்பர் ஹோஸ் ஒன்று வெடித்து, காற்று உஸ்ஸென்று வெளியேறியது. கடைசி சீட்டில் இருந்த பிள்ளைகள் பாம்பு என்று நினைத்துக் காலைத் தூக்கிக்கொண்டார்களாம். பஸ்ஸர் அடித்ததும் டிரைவர் நாலு இண்டிகேட்டரையும் போட்டார், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார், ஒரே அழுத்தாக நிதானமாகப் பிரேக்கை மிதித்து மண் ஓரத்துக்கு ஒதுக்கினார். பயத்தில் பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் காற்று செலவாகும். அவர் அப்படிச் செய்யவில்லை.

இதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பஸ்ஸரைக் கண்டுகொள்ளாமல் 'அடுத்த ஊர் வரை போய்விடலாம்' என்று ஓட்டியிருந்தால் நடுரோட்டில் சக்கரம் இறுகி நின்றிருக்கும், பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும். அன்றுகூட முழுவதும் ஒதுங்க முடியவில்லை. பஸ்ஸின் வலது பக்கம் வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது. அடுத்த கேள்விக்குப் பதில் இந்த ஒரு முழத்தில்தான் இருக்கிறது.

பத்திரமா பஸ்ஸிலேயே உக்கார வெச்சிருக்கலாமே. ரோட்டோரத்துல எதுக்கு இறக்கினீங்க?

எங்கள் வழக்கமும் அதுதான். புகையோ கருகல் வாசனையோ இல்லாமல், பஸ் முழுக்க ஓரத்தில் நின்றால் பிள்ளைகளை இறக்க மாட்டோம். முப்பது பிள்ளைகளைச் சீட்டில் வைத்துப் பார்ப்பது சுலபம், தரையில் வைத்துப் பார்ப்பது கஷ்டம்.

ஆனால் அன்று ஒரு முழம் சாலையில் இருந்தது, பஸ்ஸை ஒரு அடிகூட நகர்த்த வழியில்லை, ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் மாதம். நெடுஞ்சாலையில் நிற்கிற வண்டிக்குப் பயம் பின்னால் வருகிற வண்டியிலிருந்துதான். அதனால் 5:04-க்கு ஃபோனிலேயே இறக்கச் சொன்னது நான். பஸ்ஸின் கதவு இடது பக்கம் இருப்பதால் பிள்ளைகள் சாலையில் கால் வைக்கவே இல்லை. மண் ஓரத்தில் இறங்கி, ஒருவர் பையை அடுத்தவர் பிடித்துக்கொண்டு, நேராக டீக்கடைக் கொட்டகைக்குப் போனார்கள். அது சாலையிலிருந்து நல்ல தூரம் உள்ளே தள்ளி இருக்கிறது. பஸ்ஸுக்கு நேர் முன்னால் யாரையும் நிறுத்தவில்லை. பின்னால் ஒரு வண்டி இடித்தால் பஸ் தள்ளப்படுவது முன்பக்கம்தான்.

டிரைவர் பஸ்ஸில் இருந்த இரண்டு சிவப்பு முக்கோணங்களை எடுத்து, ஒன்றைப் பின்னால் எழுபது தப்படி நடந்துபோய் வைத்தார், இன்னொன்றைப் பாதி தூரத்தில். கடைக்காரர் நல்ல மனசோடு வேப்பங்கிளையும் கல்லும் கொண்டுவந்தார், நம் ஊர் வழக்கம். கிளையை வாங்கிக்கொண்டோம், கல்லை வேண்டாம் என்றோம். வண்டியை எடுத்துப் போன பிறகு கல்லை யாரும் அப்புறப்படுத்துவதில்லை. ராத்திரி பைக்கில் வருகிறவர் அதில் ஏறி விழுவார்.

என் பொண்ணு கையில பேனாவால 17-ன்னு எழுதியிருக்கு. அது என்ன?

அது ஆயாம்மாவின் வேலை. உங்கள் மகளைப் போல 31 பேர் இடது கையிலும் ஓர் எண் இருந்தது.

பஸ் நின்றதும் ஆயாம்மா முதலில் எண்ணியபோது 30 வந்தது. தாளில் 31. அந்த ஒரு நிமிடத்தை அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கடைசி சீட்டில் யு.கே.ஜி. பையன் ஒருவன் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். உட்கார்ந்திருந்த தலைகளை மட்டும் எண்ணினால் அவன் கணக்கில் வர மாட்டான். அதன் பிறகு தலையை எண்ணுவதை விட்டுவிட்டார். தாளில் இருக்கும் வரிசைப்படி பெயரைக் கூப்பிட்டு, கையில் எண்ணை எழுதி, அதே எண்ணைத் தாளிலும் பெயருக்கு நேரே குறித்தார். அப்புறம் கொட்டகையில் ஒன்று, இரண்டு என்று பிள்ளைகளே சத்தமாகச் சொன்னார்கள். யார் இல்லை என்பது எண் விட்டுப்போகும் இடத்திலேயே தெரிந்துவிடும். மொத்தம் குறைகிறதே என்று திரும்பத் திரும்ப எண்ண வேண்டியதில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒருமுறை, கொட்டகையில் உட்கார்ந்ததும் ஒருமுறை, மாற்று பஸ்ஸில் ஏறும்போது ஒருமுறை, ஏறி உட்கார்ந்த பிறகு ஒருமுறை என்று நான்கு தடவை சொல்ல வைத்தோம். காலியான 7-ஆம் பஸ்ஸில் டிரைவர் ஏறி ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினார். மை தேங்காய் எண்ணெய் தடவினால் போய்விடும்.

என் தம்பி பைக்ல நேர்லயே வந்தார். சொந்த சித்தப்பாவோட பிள்ளையை அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டீங்க. இது நியாயமா?

உங்கள் தம்பி கோபப்பட்டதில் தப்பில்லை. நானாக இருந்தாலும் பட்டிருப்பேன். பிள்ளையும் 'சித்தப்பா' என்று ஓடி வந்தது உண்மை.

ஆனால் சேர்க்கை நேரத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த தாளில் பிள்ளையைக் கூட்டிப்போகலாம் என்று அப்பா, அம்மா, தாத்தா பெயர்கள் மட்டுமே இருந்தன. உங்களுக்கு மூன்று முறை ஃபோன் போட்டோம், லைன் பிஸி. அந்த நேரத்தில் நீங்களும் எங்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்திருப்பீர்கள், வேறென்ன. சாலையோரத்தில், கூட்டமாக நிற்கும்போது, 'பிள்ளைக்குத் தெரிந்தவர்' என்பதை மட்டும் வைத்து அனுப்ப ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்தில் கணக்கு கையை விட்டுப் போய்விடும். அன்று நேரில் வந்த இரண்டு அப்பாக்கள் தாளில் கையெழுத்துப் போட்டு, நேரம் எழுதி, பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். அவர்களின் ஆதார் அட்டையையும் பார்த்தோம். ஒருவர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்தான், அவரிடமும் கேட்டோம். மீதி 29 பேர் மாற்று பஸ்ஸில் வந்தார்கள்.

தம்பியின் பெயரைச் சேர்க்க வேண்டுமென்றால் அலுவலகத்தில் அரைத்தாளில் எழுதி, ஒரு போட்டோ கொடுங்கள். அது போதும்.

மாற்று பஸ் வர முக்கால் மணி நேரமா? ஒரு ஷேர் ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ பிடிச்சு ஏத்திவிட்டிருக்கலாமே.

நின்றதிலிருந்து 38 நிமிடம். வந்தது 3-ஆம் எண் பஸ். அது முதுநகரில் தன் கடைசிப் பிள்ளையை 4:56-க்கு இறக்கியது. அதற்கு முன் அதைத் திருப்பியிருந்தால் அந்தப் பிள்ளைகளையும் சேர்த்து நெடுஞ்சாலைக்குக் கொண்டுவந்திருப்போம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பூட்டிய பஸ், வேகமாக வா என்று சொன்னாலும் வர முடியாது, சொல்லவும் கூடாது.

ஷேர் ஆட்டோவை அந்த வழியில் போன இரண்டு பேர் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 31 பேருக்கு எத்தனை ஆட்டோ வேண்டும், ஒவ்வொன்றிலும் யார் பெரியவர்? எங்களிடம் இருந்தது ஒரு ஆயாம்மா, ஒரு டிரைவர். டவுன் பஸ்ஸில் ஏற்றியிருந்தால் எட்டு நிறுத்தத்தில் எட்டு விதமாக இறங்கியிருப்பார்கள். காத்திருந்தது பிள்ளைகளுக்கு அலுப்புதான், ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில் இருந்தார்கள்.

ஒரு பஸ்லேர்ந்து இன்னொரு பஸ்ஸுக்கு எப்படி மாத்தினீங்க? ரோட்டைக் கடந்தாங்களா?

கடக்கவில்லை. 3-ஆம் பஸ் கடலூர் பக்கமிருந்தே வந்ததால் அதே இடது ஓரத்துக்கு வந்தது. பழுதான பஸ்ஸை ஒட்டி நிறுத்தாமல், தாண்டிப்போய், கொட்டகைக்கு நேரே முழுதாக மண்ணில் இறக்கி நிறுத்தச் சொன்னேன். எதிர்ப்பக்கமிருந்து வரும் பஸ்ஸை வரவழைத்திருந்தால் அது எங்காவது திரும்பி இந்தப் பக்கம் வரும்வரை காத்திருந்திருப்போம். பத்து நிமிடம் மிச்சமாகும் என்று பிள்ளைகளைக் குறுக்கே நடத்துவது மட்டும் எந்த அவசரத்திலும் கிடையாது.

சின்னவர்கள் முதலில் ஏறினார்கள். ஆயாம்மா உள்ளே படியருகே நின்று எண்ணைக் கேட்டார், நான் கீழே நின்று தாளில் டிக் அடித்தேன். 29 பேரும் 42 சீட் பஸ்ஸில் உட்கார்ந்துதான் வந்தார்கள், யாரும் நிற்கவில்லை. 7-ஆம் பஸ்ஸின் ஆயாம்மாவே கூட வந்தார். எந்தப் பிள்ளை எந்த நிறுத்தம், யார் வந்து நிற்பார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். 3-ஆம் பஸ் டிரைவருக்கு அந்த வழியே புதிது.

ஆறு மணிக்கும் ஆப்ல பஸ் அதே இடத்துலதான் நிக்குதுன்னு காட்டிச்சு. நீங்க கிளம்பியாச்சுன்னு சொன்னீங்க. எதை நம்புறது?

இரண்டும் சரி. உங்கள் ஃபோனில் Route 7 என்று தெரிவது பிள்ளை இருக்கும் இடமல்ல, 7-ஆம் பஸ்ஸில் பொருத்திய ஜி.பி.எஸ். கருவி இருக்கும் இடம். அந்த பஸ் இரவு ஒன்பது மணி வரை அங்கேதான் நின்றது. பிள்ளைகள் வந்துகொண்டிருந்த 3-ஆம் பஸ் உங்கள் திரையில் தெரியாது, அது வேறு வழியின் பெற்றோருக்குத்தான் தெரியும்.

இதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. 5:40-க்கு அனுப்பிய செய்தியில் 'மாற்று பஸ் கிளம்பியது' என்று மட்டும் போட்டேன். 'ஆப்பில் பழைய பஸ்தான் தெரியும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் நாற்பது பேர் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். இனி பஸ் மாற்றினால் அலுவலகத்திலிருந்தே மாற்று பஸ்ஸை அந்த வழியோடு இணைத்துவிட்டுத்தான் செய்தி போகும். இணைத்துப் பார்த்தோம், இரண்டு நிமிட வேலை.

டிரைவருக்குப் பத்து தடவை அடிச்சேன், எடுக்கவே இல்ல.

எடுக்க வேண்டாம் என்று சொன்னது நான். அவர் முக்கோணம் வைத்துக்கொண்டும் வண்டிகளை ஒதுக்கிவிட்டுக்கொண்டும் இருந்தார். அவர் ஃபோனில் என் எண்ணும் மெக்கானிக் எண்ணும் வந்தால் மட்டும் போதும் என்று வைத்திருந்தோம். பஸ் அட்டையின் பின்னால் இருக்கும் அலுவலக எண்ணுக்கு அடியுங்கள். அன்று அங்கே ஒருவர்தான் இருந்தார், அதனால் அதுவும் பிஸியாக இருந்தது. இப்போது இன்னொரு எண் சேர்த்திருக்கிறோம்.

வருஷா வருஷம் எஃப்.சி., ஆர்.டி.ஓ. செக்கிங் எல்லாம் நடக்குதே. அதுல இதெல்லாம் தெரியாதா?

பள்ளி திறப்பதற்கு முன் நடந்த ஆய்வில் 7-ஆம் பஸ் தேறியது. அன்று ஹோஸ் நன்றாகத்தான் இருந்திருக்கும். கழற்றிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: ஹோஸைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்து, ரப்பர் சேஸிஸ் கம்பியில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரே இடத்தில் தேய்ந்து உள்ளே இருக்கும் நூல் வெளியே தெரிந்தது. இது ஒரு நாளில் வரும் தேய்மானம் இல்லை, சில வாரங்கள் ஆகியிருக்கும். வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நாங்கள் பார்க்கவில்லை, அது எங்கள் தவறு.

காலையில் டிரைவர் செய்கிற சோதனையில் இது சிக்கவில்லை. இஞ்சினை நிறுத்திவிட்டு ஏர் மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். கசிவு இருந்தால் முள் சொல்லிவிடும். உரசித் தேய்ந்த ஹோஸ் வெடிக்கும்வரை ஒரு சொட்டுக் காற்றையும் விடாது, அதனால் முள் அசையவில்லை. வியாழக்கிழமையே எல்லா பஸ்களையும் பள்ளத்தின் மேல் நிறுத்தி ஹோஸ்களைக் கையால் தடவிப் பார்த்தோம், இணைப்புகளில் சோப்பு நுரை பூசிக் குமிழ் வருகிறதா என்றும் பார்த்தோம். 5-ஆம் பஸ்ஸில் ஒரு கிளாம்ப் தளர்ந்திருந்தது. இனி மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இதைச் செய்வோம்.

7-ஆம் நம்பர் பஸ் திரும்ப ஓடுதா?

ஓடுகிறது. அன்று இரவு மெக்கானிக் சேம்பரின் பின்னால் இருக்கும் போல்ட்டைத் திருகி ஸ்பிரிங்கை அமுக்கி, பிரேக்கை விடுவித்து, புது ஹோஸ் போட்டு ஒன்பது மணிக்கு எடுத்துவந்தார். வியாழன் ஒரு நாள் பிள்ளைகளை ஏற்றாமல் ஓட்டிப் பார்த்தோம், அன்று 3-ஆம் பஸ் இரண்டு நடை அடித்தது. வெள்ளி முதல் பழைய நேரம்தான்.

கடையில பிஸ்கட் வாங்கிக் குடுத்தீங்களாமே, காசு எவ்வளவு தரணும்?

ஒன்றும் தர வேண்டாம். பாதியைக் கடைக்காரர் காசு வாங்காமல் கொடுத்தார், அவர் வீட்டுக் கழிப்பறையையும் சின்னப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார். கடலை ஒவ்வாமை என்று எழுதிக் கொடுத்திருந்த இரண்டு பிள்ளைகளுக்கு ஆயாம்மா எதுவும் கொடுக்கவில்லை. 'எல்லாருக்கும் கிடைச்சது, எனக்கு மட்டும் இல்லை' என்று வீட்டில் வந்து சொல்லியிருந்தால் காரணம் இதுதான்.

பையன் டிபன் பாக்ஸை அந்த பஸ்லயே விட்டுட்டான்.

மூன்று டிபன் பாக்ஸ், ஒரு நீல வாட்டர் பாட்டில், இடது கால் ஷூ ஒன்று. எல்லாம் வாசல் பக்கத்து அலுவலக அறையில் இருக்கின்றன. ஷூ யாருடையது என்று இன்னும் தெரியவில்லை.